சொட்டு எவ்வளவு பெரியது? ஒழுகும் குழாயின் மாதக் கணக்கு

நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் மாதத்துக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீரை வீணாக்கும். நம் நாட்டில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசுகிறவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு இது. மும்பை எழுத்தாளரும் ஓவியருமான ஆபித் சுர்தியும் இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான், 2007இல் மீரா ரோடு பகுதியில் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் வீடுவீடாகப் போய் ஒழுகும் குழாய்களைக் காசு வாங்காமல் சரிசெய்யத் தொடங்கினார். முதல் ஆண்டில் 1,666 வீடுகளுக்குப் போய் 414 குழாய்களைச் சரிசெய்ததாகவும், அதனால் 4.14 லட்சம் லிட்டர் மிச்சமானதாகவும் செய்திகள் வந்தன.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 414 குழாய், 4.14 லட்சம் லிட்டர். ஒரு குழாய்க்குச் சரியாக ஆயிரம் லிட்டர். அளந்து கிடைத்த எண் இவ்வளவு ஒழுங்காக வந்து உட்காராது. குழாய்களை எண்ணி ஆயிரத்தால் பெருக்கியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. சுர்தி செய்த வேலையின் பெருமை இதனால் துளியும் குறையாது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு மருந்துக்கடைக்காரர்கள் ஒரு விடையும், இயற்பியலாளர்கள் ஒரு விடையும், குடிநீர் வாரியப் பொறியாளர்கள் ஒரு விடையும் வைத்திருக்கிறார்கள். புழக்கத்திலுள்ள கணக்குகள் ஒன்றோடொன்று ஏறக்குறைய எட்டு மடங்கு வரை முரண்படுகின்றன.

ஒரே சொட்டு, மூன்று கணக்கு

ஒரு நாளில் 86,400 நொடிகள். முப்பது நாளுக்கு 25,92,000. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மாதத்துக்கு அத்தனை சொட்டுகள். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்து ஒரு சொட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால்தான் வழிகள் பிரிகின்றன.

ஆயிரம் லிட்டர் கணக்கைப் பின்னோக்கி வகுத்தால் ஒரு சொட்டு சுமார் 0.39 மி.லி. என்று வருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தண்ணீர்ச் சிக்கனப் பிரசாரமும், நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஆண்டுக்கு 3,000 கேலனுக்கு மேல் போகும் என்கிறது. ஓர் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரித்துப் பார்த்தால் சொட்டு 0.36 மி.லி. அதே நாட்டின் புவியியல் ஆய்வுத் துறை மக்களுக்காக வெளியிட்ட சொட்டுக் கணக்கில் சொட்டு கால் மில்லிலிட்டர்; அதாவது லிட்டருக்கு 4,000 சொட்டு. அந்த எண் கணக்கை எளிதாக்குவதற்காக வைத்துக்கொண்ட ஓர் அனுமானம் என்றே கொள்ள வேண்டும். மருந்தாளுநர் வழக்கத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு, ஆகவே சொட்டு 0.05 மி.லி.

இவற்றை மாதக் கணக்காக்கினால், ஒழுகும் வேகம் மாறாத அதே குழாய் மருந்தாளுநர் கணக்கில் 130 லிட்டரும், புவியியல் துறை கணக்கில் 648 லிட்டரும், பிரசாரக் கணக்கில் 930 முதல் 1,000 லிட்டர் வரையும் வீணாக்குகிறது. சுமார் 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் சொன்னால், ஒன்பது குடத்துக்குக் கொஞ்சம் குறைவு, நாற்பத்து மூன்று குடம், அறுபத்தாறு குடம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

மருந்துக்கடைச் சொட்டின் பூர்வீகம்

சொட்டை அளவாகக் கொள்வது வைத்தியத்தில் மிகப் பழைய வழக்கம். அது நம்பத்தகாதது என்று முதலில் கண்டுகொண்டவர்களும் வைத்தியத் துறையினர்தான். ஒரு புட்டியின் வாயிலிருந்து விழும் சொட்டும் இன்னொரு புட்டியின் வாயிலிருந்து விழும் சொட்டும் ஒரே அளவாக இருப்பதில்லை. அதனால்தான் 1809இல் வெளியான லண்டன் மருந்துநூல், சொட்டுக்குப் பதிலாக மினிம் என்ற சிறு அளவைக் கொண்டுவந்தது. சொட்டை எண்ணாமல், கோடு போட்ட கண்ணாடிக் குழலில் அளக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

சொட்டை முழுதாகக் கைவிடவும் முடியவில்லை. 1902இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய சர்வதேச மாநாடு வேறொரு வழியைத் தேர்ந்தது: சொட்டின் அளவை நிலைநிறுத்த, சொட்டை விடும் குழலின் அளவை நிலைநிறுத்துவது. வெளிவிட்டம் 3 மி.மீ. உள்ள குழலிலிருந்து, 15 டிகிரி வெப்பத்தில், வாலைநீர் 20 சொட்டு விழுந்தால் ஒரு கிராம் இருக்க வேண்டும் என்று முடிவானது. இன்று ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய்களில் மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று வரும் வகையும் இந்த மரபைச் சேர்ந்ததே.

ஆகவே 0.05 மி.லி. தவறான எண் அல்ல. அது 3 மி.மீ. குழலின் எண். சமையலறைக் குழாயின் வாய் அதைவிடப் பல மடங்கு அகலமானது. மருந்துச் சொட்டை வைத்துக் குழாய்ச் சொட்டைக் கணக்கிடுபவர்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் தவறவிடுகிறார்கள். அவர்களுடைய மாதக் கணக்கு ஏறக்குறைய எப்போதுமே குறைவாகவே வரும்.

சொட்டைத் தாங்குவது எது

தாமஸ் டேட் என்பவர் 1864இல் செய்த சோதனைகளின் முடிவு இது: தொங்கும் சொட்டின் எடை, அது தொங்கும் குழலின் சுற்றளவுக்கேற்பக் கூடுகிறது. காரணம் எளிது. சொட்டு குழலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. அந்தப் பிடிப்பு, தண்ணீரின் பரப்பு இழுவிசையால் விளிம்பு நெடுக இருக்கிறது. விளிம்பு நீளமானால் பிடிப்பும் கூடும், தாங்கும் எடையும் கூடும்.

ஆனால் பிடிப்பு விட்டுப்போகும்போது தொங்கிய தண்ணீர் முழுவதும் விழுவதில்லை. கழுத்து மெலிந்து அறுந்து, ஒரு பகுதி மேலேயே தங்கிவிடுகிறது. ஹார்கின்ஸும் பிரௌனும் 1919இல் இதற்கான திருத்த அட்டவணையை வகுத்தார்கள். அதன்படி அகலமான வாய்களில் கணக்கில் வரும் எடையில் பத்தில் சுமார் ஆறு பங்கு விழுகிறது, நான்கு பங்கு மேலேயே நின்றுவிடுகிறது.

இந்தத் திருத்தத்தோடு கணக்குப் போட்டால், 3 மி.மீ. குழலுக்கு 0.05 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. பிரஸ்ஸல்ஸ் விதியோடு அது ஏறத்தாழ ஒத்துப்போகிறது. தண்ணீர் பற்றியிருக்கும் இடத்தின் விட்டம் 6 மி.மீ. ஆனால் 0.08, 10 மி.மீ. ஆனால் 0.14 மி.லி. அதற்கு மேல் வாய் அகன்றுகொண்டே போனாலும் சொட்டு அதே வேகத்தில் பெரிதாகாது. தண்ணீர் வாய் முழுவதையும் பற்றி நிற்க முடியாமல், விளிம்பின் ஏதோ ஒரு தாழ்ந்த மூலையில் போய்த் திரண்டு அங்கிருந்து விழும். பழைய பித்தளைக் குழாயின் மூக்கில் சொட்டு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து விழுவதைப் பார்த்திருக்கலாம். அந்தப் பக்கம் ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கும்.

இந்தக் கணக்குகளின்படி, வழக்கமான வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு 0.1 முதல் 0.2 மி.லி. வரை இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகத் தோன்றுகிறது. 0.25 அதிகப் பக்கம் சாய்கிறது. 0.39 என்பதோ, தட்டையான பரப்பின் அடியில் ஒரு தண்ணீர்ச் சொட்டு விழாமல் தொங்கிக்கொண்டிருக்கக்கூடிய மிகப் பெரிய அளவையே ஒட்டி நிற்கிறது. ஆயிரம் லிட்டர் கணக்கு உண்மையாக வேண்டுமானால், குழாய் நொடிக்கு ஒன்றுக்கும் மேலாகச் சொட்ட வேண்டியிருக்கும். அப்படிச் சொட்டும் குழாய்களும் ஏராளம். ஆகவே அந்த எண்ணைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ‘நொடிக்கு ஒரு சொட்டு’ என்ற வர்ணனையோடு அது பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

எண்ணுவதா, பிடிப்பதா

சொட்டின் அளவே நிச்சயமில்லை என்றால் எண்ணுவதற்கே அர்த்தம் உண்டா என்று கேட்பவர்கள் ஒரு தரப்பு. இவர்கள் சொல்வது: பாத்திரத்தை வை, கடிகாரத்தைப் பார், அளந்து பெருக்கு. எண்ணும் தரப்பின் இன்னொரு பலவீனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெதுவாக ஒழுகும் குழாய் கடிகாரம் போலச் சீராகச் சொட்டும். கொஞ்சம் வேகம் கூடினால் ஒரு நீண்ட இடைவெளி, ஒரு குறுகிய இடைவெளி என்று மாறிமாறி விழத் தொடங்கும். இன்னும் கூடினால் எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் போகும். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் ராபர்ட் ஷாவும் சகாக்களும் 1980களில் சொட்டும் குழாயை வைத்தே ஒழுங்கின்மை பற்றிய ஆய்வை நடத்தினார்கள். ஷாவின் புத்தகம் 1984இல் வந்தது. அப்படி ஒழுங்கற்றுச் சொட்டும்போது இடைவெளியோடு சொட்டின் அளவும் மாறுகிறது. ஒரு நிமிடம் எண்ணிப் பெருக்குவது அந்த நிலையில் நம்பத்தக்கதல்ல.

பிடித்து அளப்பதில் தவறு நேரும் இடங்களும் உண்டு. குழாயை மூடிய உடனே விழும் சொட்டுகள் ஒழுக்கு அல்ல. குழாய் மூக்கிலும் அதன் வாயிலுள்ள சல்லடையிலும் தேங்கிய மிச்சத் தண்ணீர் அது. பத்து நிமிடமாவது விட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உயரத்திலிருந்து விழும் சொட்டு பாத்திரத்தில் மோதித் தெறிக்கும், அளவு குறையும். இதற்கு வீடுகளில் தெரிந்த வழியே போதும்: குழாய் மூக்கில் ஒரு நூலைக் கட்டி நுனியைப் பாத்திரத்துக்குள் விட்டால், தண்ணீர் சத்தமில்லாமல் நூல் வழியே இறங்கிவிடும். ஆனால் நூலைக் கட்டினால் சொட்டை எண்ண முடியாது. ஆகவே எண்ணிக்கையும் தேவைப்படுகிறவர்கள் முதலில் எண்ணிவிட்டு, பிறகு நூலைக் கட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை போட்டுப் பார்க்கலாம். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 57 சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடம் பாத்திரத்தில் பிடித்து, 10 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சி உறிஞ்சி அளந்தால் 156 மி.லி. வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு 468 மி.லி.; நாளுக்கு 11.2 லிட்டர், மாதத்துக்கு 337 லிட்டர். 20 நிமிடத்தில் விழுந்தவை 1,140 சொட்டு, ஆகவே ஒரு சொட்டு 0.137 மி.லி. இதே குழாய்க்கு மருந்தாளுநர் கணக்கு 123 லிட்டர் என்றும், புவியியல் துறை கணக்கு 616 லிட்டர் என்றும், ஆயிரம் லிட்டர் கணக்கு 950 லிட்டர் என்றும் சொல்லியிருக்கும். மூன்றும் தவறு. முதலாவது பாதிக்கும் குறைவு, கடைசி ஏறக்குறைய மூன்று மடங்கு.

எண்ணுவதால் ஒரு பயனும் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஒருமுறை அந்தக் குழாயின் சொட்டு அளவைக் கண்டுவிட்டால், அடுத்த நாட்களில் எண்ணினாலே போதும்; வேகம் மெதுவாக இருக்கும்வரை சொட்டின் அளவு அதே குழாயில் அதிகம் மாறாது. எண்ணுவதும் பிடிப்பதும் எதிரெதிர் முறைகள் என்று பேசுவதைவிட, ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பதே பொருத்தமாகப் படுகிறது.

கண்ணில் படாத ஃப்ளஷ் தொட்டி

குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி ஒழுகினால் பீங்கானின் உட்சுவரில் கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம் வழிந்துகொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒழிய அசைவு தெரியாது. ஆகவே இங்கே அளவு பற்றிய சண்டைக்கு முன்னால், ஒழுக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

இந்தக் கவலை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இந்தத் தொட்டிக்கு வைத்த பெயரே ‘தண்ணீர் வீணாவதைத் தடுப்பான்’ என்று பொருள்படும். அங்கே அடியில் அடைப்பான் வைத்த தொட்டிகளை நீண்ட காலம் அனுமதிக்கவில்லை. வளைகுழல் வழியாகத் தண்ணீரை மேலே இழுத்து இறக்கும் அமைப்பையே கட்டாயமாக்கியிருந்தார்கள். அதில் நீர்மட்டத்துக்குக் கீழே தேய்ந்துபோக அடைப்பானே கிடையாது. ஆகவே கசியவும் வழியில்லை. 1999ஆம் ஆண்டு விதிகள் அடைப்பான் வகையையும் அனுமதித்தன. அதன் பிறகு அந்நாட்டில் ஒழுகும் தொட்டிகள் பெருகிவிட்டன என்பது தண்ணீர்ச் சிக்கன அமைப்புகளின் வாதம். ஒழுகும் ஒரு தொட்டி நாளுக்கு 200 முதல் 400 லிட்டர் வீணாக்குவதாக அவை சொல்கின்றன. அமெரிக்க முகமையின் எண் இன்னும் பெரிது: நாளுக்குச் சுமார் 200 கேலன், அதாவது 750 லிட்டர் வரை. நம் வீடுகளில் இப்போது பொருத்தப்படும் இரட்டைப் பொத்தான் தொட்டிகளும் அடைப்பான் வகையே.

இந்த எண்களில் ஒரு சிக்கல் உண்டு. ஒழுகுவது கண்ணுக்கோ காதுக்கோ தெரிந்த பிறகுதான் ஒரு தொட்டி ஆய்வுக்கே வருகிறது. அப்படி வருபவை மோசமாக ஒழுகுபவை. சன்னமாகக் கசிபவை அந்தச் சராசரியில் சேரவே இல்லை என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது.

தண்ணீர் வெளியேறும் வழிகள் இரண்டு என்பதை மறந்தால் எந்த அளவையும் பிழையாகும். ஒன்று, அடியிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்து, அல்லது அதன்மேல் உப்பு படிந்து, கசிவது. இன்னொன்று, மிதவை சரியாக மூடாமல் தொட்டி நிரம்பி, நடுவிலுள்ள ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வழியே உள்ளே வழிவது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தொட்டியில் விட்டுக் கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருந்தால், கீழே பீங்கானில் நீலம் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். ஆனால் இரண்டு கசிவிலும் நீலம் கீழே வரும். எந்தக் கசிவு, எவ்வளவு என்று அது சொல்லாது.

அளப்பதற்குத் தொட்டியையே பாத்திரமாக்கிக்கொள்ளலாம். பக்கத்துச் சுவரிலுள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, உட்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மட்டம் 12 மி.மீ. இறங்குகிறது என்போம். தொட்டியின் உள்ளளவு 35 க்கு 15 செ.மீ. என்றால் பரப்பு 525 சதுர செ.மீ.; இறங்கிய தண்ணீர் 630 மி.லி. மணிக்கு 1.26 லிட்டர், நாளுக்கு 30 லிட்டர், மாதத்துக்கு 907 லிட்டர். முன்பு பார்த்த குழாயைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல், அதுவும் ஒரு சத்தமும் இல்லாமல். உள்ளே இருக்கும் மிதவையும் குழலும் இடத்தை அடைத்துக்கொள்வதால் அளவுநாடாக் கணக்கு கொஞ்சம் பிசகலாம். இதைத் தவிர்க்க, அளந்து முடித்ததும் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டால் பரப்பைக் கணக்கிட வேண்டியதே இல்லை.

வால்வை மூடிய பிறகு மட்டம் இறங்கவே இல்லை, ஆனால் திறந்திருக்கும்போது நீலம் கீழே வருகிறது என்றால், குற்றம் மிதவையில். அதை அளக்க, ஒரு குவளையால் கொஞ்சம் தண்ணீரை மொண்டு மட்டத்தை ஓவர்ஃப்ளோ வாய்க்கு இரண்டு செ.மீ. கீழே இறக்கிவிட்டு, மிதவையை அதன் உச்ச நிலையில் நூலால் கட்டி நிறுத்தி, வால்வைத் திறக்க வேண்டும். மூடியிருக்க வேண்டிய நிலையில் மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அதுவே மிதவை வால்வின் கசிவு. இரண்டு கசிவும் சேர்ந்தே இருக்கும் தொட்டிகளும் உண்டு. அவற்றில் முதல் சோதனை மட்டும் செய்தவர்கள் கணக்கைக் குறைத்தே சொல்வார்கள்.

மீட்டர் சொல்லுமா

பொறியாளர்கள் தரப்பின் விடை வேறு. ஒவ்வொரு குழாயாக அளப்பானேன், மீட்டரைப் பார்த்தால் போதாதா என்கிறார்கள். இந்தச் சிந்தனையின் வேர் லிவர்பூலில் இருக்கிறது. அந்நகரப் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன் 1873இல் ஒரு மீட்டரை அமைத்து, ஊர் உறங்கும் நேரத்தில் தெருக்குழாய்களில் ஓடும் நீரைப் பதிவுசெய்தார். யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் ஒழுக்கு. இரவு நீரோட்டத்தை வைத்துக் கசிவைக் கணக்கிடும் முறை இன்றுவரை அவர் போட்ட பாதையில்தான் போகிறது.

தெருவுக்குச் சரியான இந்த முறை வீட்டுக்கு வரும்போது தடுமாறுகிறது. 15 மி.மீ. வீட்டு மீட்டர்களில் பரவலான வகை ஒன்றில், மணிக்குச் சுமார் 30 லிட்டருக்குக் கீழே ஓடும் நீருக்குத் தரநிலை எந்தத் துல்லியத்தையும் கோருவதில்லை. நம் எடுத்துக்காட்டுக் குழாய் மணிக்கு அரை லிட்டர்கூட இல்லை. தொட்டி ஒன்றேகால் லிட்டர். மீட்டரின் சக்கரம் அசையாமலே இவை போய்விடக்கூடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 இடங்களில் 1,188 வீடுகளின் மீட்டர்களில் பதிவுக் கருவி பொருத்தி நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. வீட்டுக்குள் புழங்கும் நீரில் 13.7 சதவீதம் ஒழுக்கு என்று அது கண்டது. ஆனால் அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு செய்தி. ஒழுக்கின் சராசரி நாளுக்கு ஒரு வீட்டுக்குச் சுமார் 83 லிட்டர்; ஆனால் வீடுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் 16 லிட்டர்தான். மோசமாக ஒழுகும் ஒரு சில வீடுகள் சராசரியை மேலே தூக்கிவிடுகின்றன. ‘ஒரு வீட்டில் சராசரியாக இவ்வளவு’ என்று சொல்லும் எந்த எண்ணையும் தன் வீட்டுக்குப் பொருத்திக்கொள்வது ஏன் ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை. மீட்டர் காணாத சிறு ஒழுக்கு இந்த எண்களில் முழுதாக வந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னை போன்ற ஊர்களின் நிலை இன்னும் வேறு. இங்கே தண்ணீர் முதலில் சம்ப்புக்குள் விழுகிறது, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏறுகிறது, அங்கிருந்துதான் குழாய்க்கு வருகிறது. மீட்டர் இருந்தாலும் அது சம்ப்பின் வாயில் இருக்கும். குழாயில் ஒழுகியது சம்ப் நிரம்பும்போது மொத்தத்தோடு சேர்ந்து பதிவாகும். ஆனால் அதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. சம்ப் நிறையும் கடைசி நேரத்தில் மிதவை மெல்ல மூடும்போது ஓட்டம் சிறுத்து மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதும் மால்ட்டாவில் மாடித் தொட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து தெரிகிறது.

டீக்கனின் இரவு முறையை மாடித் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது இங்கே எடுபடக்கூடிய யோசனை. விட்டம் ஒரு மீட்டர் உள்ள தொட்டியில் ஒரு மி.மீ. மட்டம் என்பது சுமார் 0.8 லிட்டர். இரவு பதினொன்றுக்கும் காலை நான்குக்கும் மட்டத்தைக் குறித்தால், நம் ஃப்ளஷ் தொட்டியின் கசிவு 8 மி.மீ. இறக்கமாகத் தெரியும். சொட்டும் குழாய் 3 மி.மீ. மட்டுமே, அளவுகோலில் அதைப் பிடிப்பது கடினம். இந்த முறை வீட்டில் ஒழுக்கு இருக்கிறது என்று சொல்லும், எந்த அறையில் என்று சொல்லாது.

இருபது நிமிடத்திலிருந்து முப்பது நாளுக்கு

மேலே சொன்ன எல்லா முறைகளும் கடைசியில் ஒரு பெருக்கலில் முடிகின்றன. இருபது நிமிடத்தில் கண்டதை மாதத்துக்கு நீட்டுகிறோம். அந்த நீட்டல் செல்லுமா என்பதில்தான் இன்னும் தெளிவு போதவில்லை.

ஒழுக்கு நீர் அழுத்தத்தைப் பொறுத்தது. நான்கு மாடி வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து மேல் தளக் குழாய்க்கு 3 மீட்டர் உயரம், தரைத்தளக் குழாய்க்கு 12 மீட்டர். ஒரே மாதிரி தேய்ந்த வாஷர் இரண்டிலும் இருந்தால் தரைத்தளத்தில் எத்தனை மடங்கு ஒழுகும்? ஓட்டை போன்ற இடைவெளி என்றால் அழுத்தத்தின் வர்க்கமூலப்படி இரண்டு மடங்கு. மயிரிழை போன்ற நீண்ட இடுக்கு என்றால் அழுத்தத்துக்கு நேர்விகிதமாக நான்கு மடங்கு. தேய்ந்த வாஷர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அழுத்தத்தில் ரப்பரே நெகிழ்ந்து வழிவிட்டால் அதற்கு மேலும் போகலாம். மயிரிழைக் கசிவில் வெப்பமும் கணக்கில் வரும். 20 டிகிரி தண்ணீரைவிட 35 டிகிரி தண்ணீர் கால் பங்குக்கு மேல் இளகியது. மாடித் தொட்டி வெயிலில் காய்ந்த பிற்பகலில் பிடித்த அளவும் விடியற்காலையில் பிடித்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே நாளில் மூன்று நேரங்களில் அளந்து, சராசரியோடு குறைந்ததையும் கூடியதையும் சேர்த்துச் சொல்வதே இப்போதைக்கு நேர்மையான வழி. நம் குழாய்க்கு ‘மாதம் 337 லிட்டர்’ என்பதைவிட ‘300 முதல் 400 லிட்டர்’ என்பது பொருத்தம்.

கைப்பிடியும் ஒரு காரணி. திருகும் வகைக் குழாயில் ஒழுக்கு, கடைசியாக மூடியவர் எவ்வளவு இறுக்கினார் என்பதைப் பொறுத்தது. பெரியவர் இறுக்கி மூடினால் நின்றுவிடும், குழந்தை மூடினால் சொட்டும். ஒரு நாளில் பத்து முறை திறந்து மூடும் சமையலறைக் குழாய்க்கு மாதக் கணக்கு என்பது பத்து வெவ்வேறு ஒழுக்குகளின் கலவை. கால் திருப்புச் செராமிக் குழாய்களில் இந்தத் தொல்லை குறைவு.

வீண் என்று எதைச் சொல்வது என்பதிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. சொட்டும் குழாய்க்கு அடியில் வாளியை வைத்து அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் வீட்டில் ஒழுக்கு உண்டு, வீண் இல்லை. தோட்டக் குழாயின் ஒழுக்கு வாழை மரத்துக்குப் போகிறது. ஃப்ளஷ் தொட்டியின் கசிவு மட்டும் எந்த வீட்டிலும் நேரே சாக்கடைக்குத்தான் போகிறது. அளவைப் பற்றிய விவாதங்களில் குழாயும் தொட்டியும் ஒரே வரிசையில் வைக்கப்படுவது இந்தக் காரணத்தாலேயே எனக்கு ஒப்புதலாக இல்லை.

நாளுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற இந்தியத் தர அளவை எடுத்தால் நால்வர் குடும்பத்துக்கு மாதம் 16,200 லிட்டர். நம் குழாயின் ஒழுக்கு அதில் இரண்டு சதவீதத்தை ஒட்டி வருகிறது. இதைச் சிறிது என்பவர்களும் உண்டு, நாளுக்குப் பத்துக் குடம் மட்டுமே கிடைக்கும் வீட்டில் அது இரண்டு நாள் தண்ணீருக்கும் மேல் என்பவர்களும் உண்டு. இரண்டு கணக்கும் சரியே. யாருக்கும் இன்னும் கணக்குத் தெரியாதது ஒன்றுதான்: ஒரு ஒழுக்கு தொடங்கிய நாளுக்கும் பிளம்பர் வந்த நாளுக்கும் இடையில் நம் வீடுகளில் சராசரியாக எத்தனை நாள் கழிகிறது என்பது. அது தெரியாதவரை, சரியாக அளந்த மாதக் கணக்கும் எத்தனை மாதத்தால் பெருக்கப்பட வேண்டும் என்ற எண்ணுக்காகக் காத்திருக்கிறது.